சீட்டில் பெயர் இல்லை: நான்கு இலக்க லாட்டரிக்கு வரம்பு வைப்பதும் விலகுவதும் எப்படி?

சூதாட்ட விடுதிக்குள் தன்னை விடக்கூடாது என்று ஒருவர் தானே எழுதிக் கொடுத்துத் தடை வாங்கிக்கொள்ளலாம் என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். இதற்குத் தன்விலக்கு என்று பெயர். தோட்டப்புறச் சிறுநகரங்களில் இருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நான்கு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடைக்கும் இப்படி எழுதிக் கொடுக்க முடியுமா?

நேரான பதில், காகிதச் சீட்டுக்கு அது பயன்படாது என்பதே. கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் சீட்டில் நம்பர் இருக்கிறது, தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது. வாங்கியவர் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் பெயரைத் தடுக்க முடியாது. அதனால் தடையைக் கடையின் வாசலில் தேடாமல், பணம் புறப்படும் இடத்திலும் நம்பரைச் சுமந்து செல்லும் ஆளிடத்திலும் போட வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது, யாருக்கு வரம்பு போதும், யார் முழுவதுமாக விலக வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு சீட்டு எப்படி வேலை செய்கிறது

தீபகற்ப மலேசியாவில் மெக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, டா மா சாய் ஆகிய மூன்றும் உரிமம் பெற்று நான்கு இலக்க ஆட்டத்தை நடத்துகின்றன. புதன், சனி, ஞாயிறு ஆகியவை வழக்கமான குலுக்கல் நாள்கள். இடையிடையே செவ்வாய்க்கிழமைச் சிறப்புக் குலுக்கலும் வரும்.

0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு: முதல் மூன்று பரிசுகள், பத்துச் சிறப்புப் பரிசுகள், பத்து ஆறுதல் பரிசுகள். ‘பெரியது’ என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முறையே 2,500, 1,000, 500 வெள்ளியும், சிறப்புக்கு 180, ஆறுதலுக்கு 60 வெள்ளியும் கிடைக்கும். ‘சிறியது’ வகையில் முதல் மூன்று பரிசுகள் மட்டுமே: 3,500, 2,000, 1,000.

இதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். பத்தாயிரம் எண்களையும் ஒருவரே ஒரு வெள்ளி வீதம் ‘பெரியது’ வாங்கினால் 10,000 வெள்ளி செலவாகும். எல்லாப் பரிசுகளும் சேர்ந்து 6,400 வெள்ளி திரும்பி வரும். ‘சிறியது’ வகையில் 6,500. அதாவது கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 64 அல்லது 65 காசு திரும்புகிறது.

அந்தச் சராசரிகூட ஒரு சாதாரண மனிதரின் கைக்கு வருவதில்லை. காரணம், அந்தத் தொகையின் பெரும்பகுதி முதல் மூன்று பரிசுகளுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு நம்பருக்கு ‘பெரியது’ ஒன்று, ‘சிறியது’ ஒன்று என இரண்டு வெள்ளி கட்டுபவருக்குச் சராசரியாகத் திரும்ப வேண்டியது 1 வெள்ளி 29 காசு. அதில் 1 வெள்ளி 5 காசு முதல் மூன்று பரிசுகளிலிருந்து வருவது. அவை விழாத காலத்தில் இரண்டு வெள்ளிக்குத் திரும்புவது 24 காசு மட்டுமே. ‘இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, எப்படியும் முக்கால்வாசி வந்துவிடும்’ என்று நம்புபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

‘ஒரு நம்பரில் தப்பிவிட்டது’

லாட்டரி ஒருவரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வெற்றியைவிட நூலிழைத் தோல்வியைத்தான் பார்க்க வேண்டும். குலுக்கல் முடிந்த மாலையில் சாப்பாட்டுக் கடையில் அதிகம் கேட்கும் பேச்சும் அதுதான். ‘நான் 4827 எடுத்தேன், 4857 வந்துவிட்டது.’ ‘என் நம்பர் திரும்பி வந்திருக்கிறது.’

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 4827 இல் ஏதாவது ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால் 36 எண்கள் கிடைக்கும். அதே நான்கு இலக்கங்களை இடம் மாற்றி அடுக்கினால் இன்னும் 23 எண்கள். ஆக, நம் நம்பருக்குப் பக்கத்தில் வந்ததாக நம் மனம் எண்ணக்கூடிய எண்கள் 59. பரிசு பெறும் எண்களோ 23. எனவே ஒரு நம்பர் ஒரு குலுக்கலில் பரிசு பெறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 23. ‘தப்பிவிட்டது’ என்று உணரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் 1,270. ஐம்பது மடங்குக்கும் மேல். ஐந்து நம்பர் எடுப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு குலுக்கலுக்கு ஒரு முறை இந்த உணர்வு வந்துகொண்டே இருக்கும்.

அது எந்த அறிகுறியும் இல்லை. நம்பர் நெருங்கி வருவதும் இல்லை. அடுத்த குலுக்கல் பழையதை அறியாது. ஆனால் மூளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 2009 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சுழலும் படங்களைக் கொண்ட ஓர் ஆட்டத்தை வைத்துச் சோதித்தபோது, நூலிழையில் தவறிய ஆட்டங்கள் ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மறுபடி ஆடும் ஆசையைக் கூட்டின. வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளே அப்போதும் இயங்கின. விபத்தில் சிக்கிய காரின் எண், கனவில் வந்த பாம்பு, இறந்தவரின் வீட்டு எண் என்று நம்பர் தேடுகிற பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியது. நம்பருக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்போது தோல்வி தற்செயலாகத் தெரிவதில்லை. ‘கனவைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை’ என்று தோன்றிவிடுகிறது.

பழக்கம் எப்போது நோயாகிறது

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைநிலைகளோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு, பன்னிரண்டு மாத காலத்துக்குள் இருந்தால் கோளாறு என்று மருத்துவர் கொள்ளலாம். ஒன்பதையும் இங்கே அடுக்காமல், நம்பர் வாங்குபவரின் வீட்டில் முதலில் கண்ணுக்குப் படும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. விட்டதைப் பிடிக்கத் துரத்துவது. போன வாரம் போன பணத்தை இந்த வாரம் மீட்பதற்காகத் தொகையைக் கூட்டுவது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான அறிகுறி இதுவே. வேடிக்கைக்கு வாங்குபவர் தோற்ற பணத்தைச் செலவாக எழுதிவிடுவார். துரத்துபவர் அதைத் தனக்கு வரவேண்டிய கடனாக எண்ணுவார்.

2. தொகையும் எண்ணிக்கையும் ஏறுவது. முன்பு இரண்டு வெள்ளியில் இருந்த பரபரப்பு இப்போது இருபது வெள்ளியில்தான் வருகிறது. ஒரு நிறுவனம் மூன்றாகிறது. இரண்டு நம்பர் பத்தாகிறது.

3. மறைப்பது. சீட்டு பர்ஸில் இருக்காது. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ வேலைச் சப்பாத்துக்குள்ளோ இருக்கும். எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டால் பாதித் தொகைதான் பதிலாக வரும். குலுக்கல் நாள் மாலையில் காரணம் சொல்லாமல் எரிச்சல்.

4. பணத்தின் ஊற்று மாறுவது. சம்பளத்திலிருந்து வாங்கிய காலம் போய், அடகு, முன்பணம், நண்பரிடம் கைமாற்று, ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கு என்று தேடத் தொடங்குவது. 2024 மே மாதத்தில் அறிமுகமான இந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் அதில் சிறு சிறு தொகைகள் குறைந்துகொண்டே வந்தால் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இவற்றோடு தோட்டப்புறத்துக்கே உரிய இன்னொன்று உண்டு. உரிமக் கடை ரொக்கத்துக்குத்தான் விற்கும். கையில் பணம் இல்லாதபோதும் ஒருவர் நம்பர் எடுக்கிறார் என்றால் அவர் கள்ளநம்பர் எழுதுபவரிடம் போய்விட்டார் என்று பொருள். அங்கே வாட்ஸ்அப்பில் நம்பரை அனுப்பினால் போதும். பணம் பிறகு தரலாம். பரிசும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். இது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அதைவிட ஆபத்தானது, ரொக்கம் தீர்ந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்ற ஒரே இயற்கையான தடையை இந்தக் கடன் எடுத்துவிடுகிறது.

ஒரு கணக்கு: பத்து வெள்ளியில் தொடங்கியது

இது விளக்கத்துக்காக நானே அமைத்த எடுத்துக்காட்டு. சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊர். செம்பனை ஆலையில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர். வீட்டுக்கு வருவது அவருடைய 2,000 வெள்ளிச் சம்பளம் மட்டுமே. குலுக்கலுக்கு ஐந்து நம்பர், நம்பருக்கு இரண்டு வெள்ளி. ஒரு குலுக்கலுக்குப் பத்து வெள்ளி என்பது யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால் வாரம் மூன்று குலுக்கல் என்றால் மாதத்துக்கு 13. அது 130 வெள்ளி. ஆண்டுக்கு 1,560 வெள்ளி.

அவர் எதிர்பார்க்கக்கூடியது என்ன? ஒரு மாதத்தில் எந்தப் பரிசும் விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 86. ஓர் ஆண்டு முழுவதுமே எதுவும் விழாமல் போகும் வாய்ப்பு ஆறில் ஒன்று. முதல் மூன்று பரிசுகளில் ஒன்றையாவது ஓர் ஆண்டுக்குள் காணும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக ஏதோ ஒன்று விழும். பெரும்பாலும் 60 அல்லது 180 வெள்ளியாக இருக்கும்.

அந்த 180 வெள்ளி விழுந்த நாளை அவர் மறக்கமாட்டார். ஊரும் மறக்காது. அதற்கு முன்னும் பின்னும் போன 1,560 வெள்ளியை யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை.

கதை இப்படி நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஏழாவது மாதம் தன் வழக்கமான நம்பருக்கு ஓர் இலக்கம் தள்ளி முதல் பரிசு விழுகிறது. அடுத்த வாரத்திலிருந்து அதே நம்பருக்கு இருபது வெள்ளி. இரண்டு மாதத்தில் சம்பளம் இருபதாம் தேதிக்கு முன்பே தீர்ந்துபோகிறது. கடனுக்கு நம்பர் எழுதுபவர் அறிமுகமாகிறார். அவருக்குக் கொடுக்க வேண்டிய 900 வெள்ளிக்காக மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தோட்டைத் திருப்புவதற்கு வட்டி முதலையிடம் 1,500 வெள்ளி. இந்த இடத்தில் அவர் மனதில் ஓடுவது ‘இனி வாங்கக்கூடாது’ என்பதன்று. ‘ஒரே ஒரு தடவை அடித்தால் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நிறுத்திவிடுவேன்’ என்பது. நிறுத்துவதற்கே ஒரு வெற்றி தேவை என்று தோன்றும் அந்தக் கணத்தில் வரம்பு வைக்கும் காலம் கடந்துவிட்டது.

வரம்பு யாருக்குப் போதும்

துரத்தல் இல்லாத, மறைத்தல் இல்லாத, கடன் இல்லாத ஒருவருக்கு வரம்பு வேலை செய்யும். எவ்வளவு என்பதற்குக் கனடாவின் போதைப்பழக்க ஆய்வு மையம் 2021 இல் தந்த வழிகாட்டி ஓர் அளவுகோலாக உதவும். மாதத்துக்குக் குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. மாதத்துக்கு நான்கு நாள்களுக்கு மேல் ஆடக்கூடாது. வழக்கமாக ஆடும் ஆட்ட வகைகள் இரண்டைத் தாண்டக்கூடாது.

நம் ஆலைத் தொழிலாளிக்கு இது மாதம் 20 வெள்ளி. அவர் செலவழித்தது ஆறு மடங்குக்கும் மேல். நான்கு நாள் என்பதும் வாரம் மூன்று குலுக்கல் நடக்கும் நாட்டில் பெரிய மாற்றம்தான். மூன்றில் இரண்டு குலுக்கலை விட்டுவிட வேண்டும்.

வரம்பை மனதில் வைத்துக்கொண்டால் நிற்காது. கீழ்க்கண்ட முறையில் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஆக்க வேண்டும்.

1. சம்பள நாளன்றே ஐந்து வெள்ளி நோட்டுகள் நான்கை ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். உறை காலியானால் அந்த மாதம் முடிந்தது. அடுத்த மாத உறையிலிருந்து முன்கூட்டி எடுக்கக்கூடாது.

2. கிழமை ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை மட்டும். ஐந்தாவது சனிக்கிழமை வரும் மாதத்தில் அதை விட்டுவிட வேண்டும். சிறப்புக் குலுக்கலும் கணக்கில் இல்லை.

3. பரிசு விழுந்தால் அது உறைக்குத் திரும்பக்கூடாது. வீட்டுச் செலவிலோ சேமிப்பிலோ போய்ச் சேர வேண்டும். ‘விழுந்த பணத்தில்தானே ஆடுகிறேன்’ என்ற பேச்சில்தான் பல வரம்புகள் உடைகின்றன.

4. வாங்கியது, விழுந்தது இரண்டையும் நாள்காட்டியில் எழுத வேண்டும். வாங்காத நாளும் எழுதப்பட வேண்டும்.

மூன்று மாதம் இப்படிப் பார்க்கலாம். அந்தக் காலத்துக்குள் இரண்டு முறை வரம்பை மீறினால், அதிலும் முக்கியமாக மீறியதை வீட்டில் மறைத்தால், வரம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்போம் என்று பேரம் பேசக்கூடாது. அவருக்கு வரம்பு ஒத்துவரவில்லை, விலகல்தான் வழி. இரண்டு முறை என்பது நான் வைக்கும் கோடு. அதற்கு மேல் தவணை கொடுத்த குடும்பங்களில் தவணை கடனாக மாறுவதே வழக்கம்.

கணக்கு இருந்தால் ஒரு கதவு உண்டு

பெயரைப் பதிந்து வாங்கும் இடங்களில் தன்விலக்கு உண்மையாகவே வேலை செய்யும். நார்வேயில் அரசு லாட்டரி நிறுவனத்தில் பெயர் பதிந்துதான் எண் ஆட முடியும். அதனால் வரம்பையும் தடையையும் பெயரோடு பிணைக்க முடிகிறது. நமக்கு அருகே சிங்கப்பூரில், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் தரும் தன்விலக்கு அங்குள்ள சூதாட்ட விடுதிகளையும், பணம் போட்டு ஆடும் இயந்திர அறைகளையும், அங்கே லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்கையும் மூடுகிறது. ஜொகூர்த் தோட்ட ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. ஆனால் அங்கேயும் தெருமுனைக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கும் காகிதச் சீட்டை இந்தத் தடை தொடாது.

கைப்பேசியில் சூதாட்டத் தளங்களுக்குப் போகும் பழக்கமும் சேர்ந்திருந்தால் `BetBlocker` என்ற இலவசச் செயலி அந்தத் தளங்களை அடைத்துவிடும். அடைக்கும் காலத்தை நாமே குறிக்கலாம். அது முடியும்வரை திறக்காது. அதுவும் தளங்களுக்கு மட்டுமே.

காகிதச் சீட்டிலிருந்து விலகுவது

இனி ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குத் திரும்புவோம். அடகுச் சீட்டு மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது. அழுகையும் கோபமும் ஓய்ந்த பிறகு அவர்கள் செய்யக்கூடியது என்ன? வரிசை முக்கியம் என்பதால் எண்ணிட்டுத் தருகிறேன்.

1. கடன் பட்டியல். ஒரே தாளில் எல்லாம் வர வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது வாங்கியது. முதல் பட்டியலில் எதையாவது விட்டுவிடுவது பெரும்பாலும் நடக்கும். வெட்கத்தால் மறைத்த கடன் பிறகு மீண்டும் நம்பர் எடுக்கத் தூண்டும். அதனால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை கேட்பது நல்லது.

2. பணத்தின் பாதையை மாற்றுவது. சம்பளம் ஏறும் கணக்கிலிருந்து அன்றைக்கே மனைவியின் கணக்குக்குத் தானாகத் தொகை மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுக்கலாம். அட்டையால் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையை மிகக் குறைவாக வைக்கலாம். கைச்செலவு நாள்தோறும் சிறு தொகையாக வர வேண்டும். வாரத்துக்கு மொத்தமாக வேண்டாம். வங்கி அட்டை கடன் கொடுத்தவர் கையில் இருந்தால் வங்கியில் அதை ரத்து செய்து புதியது வாங்குவது முதல் வேலை.

3. சேமநிதியைப் பூட்டுவது. நெகிழ்வுக் கணக்கில் உள்ள பணத்தை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியதைத் திரும்ப நெகிழ்வுக் கணக்குக்குக் கொண்டுவர முடியாது. தன்விலக்கு என்ற பெயர் இல்லாவிட்டாலும், ஒருவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளக்கூடிய உறுதியான பூட்டு இது. மனம் தெளிவாக இருக்கும் நாளில் செய்ய வேண்டியது.

4. நம்பரைச் சுமந்து செல்பவரிடம் சொல்வது. தோட்டத்தில் பட்டணத்துக்குப் போகும் ஒருவர் பத்துப் பேருடைய நம்பரையும் வாங்கி வருவார். உண்மையான ‘கடை வாசல்’ அவர்தான். ‘அண்ணே, இனி என் நம்பரை எடுக்காதீர்கள். நானே வந்து கேட்டாலும் எடுக்க வேண்டாம்’ என்று மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு கடினமோ அவ்வளவு பயன் தரும். கடைக்காரர் முகம் தெரிந்தவராக இருந்தால் அவரிடமும் சொல்லலாம். சட்டப்படி அவர் மறுக்கக் கடமைப்பட்டவர் இல்லை, ஆனாலும் சிறிய ஊரில் பலர் அந்த வார்த்தையை மதிப்பார்கள்.

5. கடனுக்கு எழுதுபவரின் எண்ணை நீக்கித் தடுப்பது. பாக்கி இருந்தால் தொகையை எழுத்தில் கேட்டு, தவணையைக் குடும்பத்தில் இன்னொருவர் மூலம் கட்ட வேண்டும். ‘இன்னும் இரண்டு நம்பர் எடுத்தால் பாக்கியில் கழித்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சு எழும் இடத்தில் விலகியவர் இருக்கவே கூடாது.

6. குலுக்கல் மாலைகளை நிரப்புவது. வாங்கிய பழக்கம் கிழமையோடும் மணியோடும் பிணைந்தது. முதல் இரண்டு மாதங்களில் புதன், சனி, ஞாயிறு மாலைகளில் பட்டணத்துக்குப் போகாமல் இருப்பதும், வேலை முடிந்து வேறு வழியாகத் திரும்புவதும் உதவும்.

‘நான் விட்ட அன்றைக்கே அடித்துவிட்டால்?’

விலகியவர்களைத் திரும்ப இழுப்பது பெரும்பாலும் பேராசையன்று, இந்தப் பயம். இருபது ஆண்டுகள் எடுத்த நம்பர், மகன் பிறந்த தேதி, அப்பாவின் லாரி எண். அதை விட்ட வாரத்தில் விழுந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க வருந்த வேண்டுமே என்ற அச்சம்.

இதற்கும் எண்ணில் பதில் உண்டு. ஒரு நிறுவனத்தின் வழக்கமான குலுக்கல்கள் ஆண்டுக்கு 156. ஒரு குறிப்பிட்ட நம்பர் முதல் பரிசு பெறச் சராசரியாக 64 ஆண்டுகள் ஆகும். விட்ட பிறகு வரும் ஓர் ஆண்டுக்குள் அது முதல் பரிசாக வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றரை. இருந்தாலும் கணக்கு மட்டும் இந்தப் பயத்தைத் தீர்க்காது. முடிவுகளைப் பார்க்காமல் இருப்பதுதான் தீர்க்கும். நாளிதழின் அந்தப் பக்கத்தை வீட்டில் வேறொருவர் எடுத்துவிடலாம். முடிவுகள் பகிரப்படும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேற வேண்டும். சிறிய பரிசு விழுந்தால்கூட வந்து சொல்ல வேண்டாம் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடனும் உதவியும்

அடகு வைத்த நகைக்கு அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற அடகுக் கடையில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 2 வரை. மீட்க ஆறு மாதம் உண்டு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வரைதான் வாங்கலாம். வாரக்கணக்கில் வட்டி கேட்டு, வங்கி அட்டையைப் பிடித்துவைத்துக்கொள்பவர் இந்தச் சட்டத்துக்குள் இல்லாதவர். அவர் மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டுக் கடனும் இருந்தால், பேங்க் நெகாராவால் 2006 இல் அமைக்கப்பட்ட ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணம் இன்றித் தவணையை மாற்றியமைக்க உதவும்.

குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்ணனோ மாமனோ இரக்கப்பட்டு மொத்தக் கடனையும் அடைத்துவிட்டு அவர் கையில் மிச்சப் பணத்தையும் கொடுத்தால், பெரும்பாலும் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். கடன் தீர்க்க மற்றவரை நம்பியிருப்பது அந்த ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. உதவ விரும்புபவர் பணத்தை நேரே கடன்காரருக்குக் கட்டி ரசீது வாங்கட்டும்; அதுவும் மேலே சொன்ன பூட்டுகள் போடப்பட்ட பிறகு.

சிகிச்சைக்குத் தொடக்கம் அரசாங்கச் சுகாதார மருந்தகம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ‘தூக்கமில்லை, மனச்சோர்வு’ என்று மட்டும் சொல்லாமல், நம்பர் வாங்குவதை நிறுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மென்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ பரிந்துரை கிடைக்கும். அங்கே தரும் சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சு சிகிச்சையில் ‘நம்பர் நெருங்கி வருகிறது’ போன்ற நம்பிக்கைகளைத்தான் முதலில் எடுத்துப் பேசுவார்கள்.

கடன் வெளியே தெரிந்த முதல் நாள்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். அந்த இரவுகளில் அவரைத் தனியாக விடக்கூடாது. தோட்டத்து வீடுகளில் கிடக்கும் களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் பூட்டி வைக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.